பாக்கெட்டின் பின்பக்கம்

மேரிசெல்விக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பஸ் போர்டு தமிழில் இல்லாவிட்டால் யாரிடமாவது கேட்டுத்தான் ஏறுவாள். ஆனால் ஐந்து எழுத்துகளை மட்டும் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவாள். பி, ஓ, இன்னொரு பி, எஃப், டி. கோத்தகிரிப் பக்கம் குயில்மலை எஸ்டேட்டின் தேயிலை பாக்டரியில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவள் அவள். இலை காய்ந்து வந்ததும் சல்லடை மிஷினில் போட்டு ரகம் பிரிப்பார்கள். பிரித்ததில் கலந்திருக்கும் நாரையும் காம்பையும் பொறுக்கி எடுப்பது, மூட்டையில் எந்த ரகமோ அந்த எழுத்தைத் தகட்டு அச்சு வைத்து மையால் அடிப்பது, இதுதான் அவள் வேலை. எழுத்தின் பெயர் பின்னால்தான் தெரிந்தது. முதலில் அதன் வடிவம்தான் பழகியது.

2001-ல் தேயிலை விலை விழுந்து பாக்டரியை மூடினார்கள். கடைசி நாளன்று பாக்டரியைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் எல்லாரையும் வாசலில் நிற்க வைத்து, "திறந்தா கடுதாசி போடறோம், முகவரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். மேரிசெல்வி மரக்காணத்தில் இருந்த தம்பி அப்பாவுவின் முகவரியைக் கொடுத்தாள். அப்பா அம்மா இருவரும் மலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவின் நெஞ்சுவலிக்கு வைத்தியம் பார்த்து முடிப்பதற்குள் அவளுக்குக் கல்யாண வயது கடந்திருந்தது. தம்பி ஒருவன்தான் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி வீட்டில் அவளை யாரும் குறைவாக நடத்தவில்லை. தம்பி பெண்டாட்டி, "அண்ணி, நீங்க உக்காருங்க" என்று தட்டை எடுத்து வைப்பாள். இருந்தாலும் மேரிசெல்வி ஒரு விருந்தாளியைப் போலத்தான் இருந்தாள். துணிமணியை அலமாரியில் வைக்காமல் டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். தினமும் விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய், ஆண்கள் பாத்தியில் வாரி ஒதுக்கும் உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டினாள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். போஸ்ட்மேன் தெருவுக்கு வரும் நேரமும் அதுதான். நாலு வருஷத்தில் கடுதாசி வரவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குப் பிரியும் மண் ரோட்டு முனையில் ராஜாங்கத்தின் டீக்கடை இருந்தது. அவருக்கு ஐம்பது வயது. மனைவி இறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ரேணுகாவைப் பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். கிளாஸைக் கழுவும்போது மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு தடவை பார்ப்பார். உப்பளத்துப் பெண்கள் எல்லாரும் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். மேரிசெல்வி மட்டும் ஏனோ "கடைக்காரரே" என்பாள்.

சுனாமி அலை வந்ததற்கு அடுத்த வருஷம் அது. பாத்திகளில் சேறு படிந்து, அதை வாரி வெளியே கொட்டி, மறுபடி தண்ணீர் கட்டுவதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. உப்பு விளைய ஆரம்பித்த பிறகுதான் கடைக்கும் உயிர் வந்தது. வைகாசியில் ஒருநாள் வேலை முடிந்து மேரிசெல்வி டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பாண்டிச்சேரியிலிருந்து தேவா மோட்டார் பைக்கில் வந்தான். டீத்தூள், பிஸ்கட், சோப்பு எல்லாவற்றுக்கும் ஏஜெண்ட். சாம்பிள் பாக்கெட் கொண்டு போனால் கடைக்காரர்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று, கம்பெனி இப்போது சரக்கை எல்லாம் கலர் போட்டோ எடுத்து ஆல்பமாகக் கொடுத்திருந்தது.

ராஜாங்கம்தான் அவனை வரச் சொல்லியிருந்தார். ஆரோவில் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் சில பேர் உப்பளத்தைப் பார்க்கச் சைக்கிளிலும் வண்டியிலும் வருவார்கள். கடையில் நின்று "பிளாக் டீ" கேட்பார்கள். ராஜாங்கம் பால் ஊற்றாமல் டிகாஷனில் வெந்நீர் கலந்து கொடுப்பார். இரண்டு வாய் குடித்துவிட்டு, சிரித்து, காசை வைத்துவிட்டுப் போவார்கள். முக்கால் கிளாஸ் டீ அப்படியே இருக்கும். அது அவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

தேவா ஆல்பத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைத் தட்டிக் காட்டினான்.

"இதாங்க உங்களுக்கு. நீலகிரி டீ. பாருங்க, பி.ஓ.பி.ன்னு போட்டிருக்குது. புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ. ஆரஞ்சுப் பழ வாசன வரும். வெள்ளக்காரங்களுக்கு அதான் புடிக்கும்."

மேரிசெல்வி சிரித்துவிட்டாள். அவள் சத்தமாகச் சிரித்து அங்கே யாரும் கேட்டதில்லை.

"அதுல ஆரஞ்சும் இல்ல, பழமும் இல்ல" என்றாள்.

தேவா திரும்பிப் பார்த்தான். தலையில் சும்மாட்டுத் துணியும் காலில் உப்பு வெளுப்புமாக ஒரு பெண்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பதினேழு வருஷம் அந்த எழுத்ததான் மூட்டையில அடிச்சிட்டிருந்தேன். அது பேரு மட்டுந்தாங்க. ஆரஞ்சு பீக்கோன்னா நீட்டு இலை. முன்னாடி பி போட்டா ஒடஞ்ச இலை. பின்னாடி எஃப் சேத்தா இன்னும் சின்னது. கடைசில வர்றது டஸ்ட்."

"அப்ப டஸ்ட்டுன்னா கூட்டிப் பெருக்குனதுதானே?" என்றார் ராஜாங்கம். இத்தனை வருஷமாக அவர் விற்பது டஸ்ட் டீதான். அந்தப் பெயரைச் சொல்லவே அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.

"யாரு சொன்னாங்க? எல்லாம் ஒரே செடி, ஒரே இலை. சல்லடையில பெருசு மேல நின்னுக்கும், சின்னது கீழ விழும். நம்ம உப்பு மாதிரிதான். ஒரே பாத்தில கல்லு உப்பும் வருது, பொடியும் வருது. பொடி சட்டுனு கரையுது, அவ்வளவுதான். டஸ்ட்டும் அப்படித்தான், சட்டுனு சாயம் எறங்கும். பாலு ஊத்துற டீக்கு அதுதான் நிக்கும். நல்ல டஸ்ட்டும் இருக்குது, மட்டமான நீட்டு இலையும் இருக்குது. இந்த எழுத்து சைஸத்தான் சொல்லும். ருசிய சொல்லாது."

ராஜாங்கம் வடிகட்டும் துணிப்பையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மேரிசெல்வி இன்னும் ஏதோ சொல்ல வந்து, போட்டோவைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தாள். பச்சை பாக்கெட். மேலே மலை. மலைக்கு முன்னால் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கருங்குயில்.

"இது என்ன பேரு போட்டிருக்குது?" என்று குயிலுக்குக் கீழே விரலை வைத்துக் கேட்டாள்.

"குயில்மலை" என்றான் தேவா. "புது பிராண்டு. இந்த வருஷந்தான் வந்துச்சு."

"பின்பக்கம் போட்டோ இருக்குதா?"

"பின்னாடி யாரும்மா பாக்கறாங்க? முன்னாடி அழகா இருந்தா போதும்."

அவள் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள். கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கிளாஸில் பாதி டீ இருந்ததை ராஜாங்கம் பார்த்தார்.

மறுநாள் மற்றப் பெண்கள் முன்னால் நடந்த பிறகு, அவர் கேட்டார்.

"நேத்து என்னாச்சும்மா? பாதியில வச்சிட்டுப் போயிட்டியே."

முதலில் "ஒண்ணுமில்ல கடைக்காரரே" என்றாள். அவர் மேலே கேட்கவில்லை. பால் பாத்திரத்தை மூடிவிட்டு அடுப்பைத் தணித்தார். அவர் கேட்காததாலேயே அவளுக்குச் சொல்லத் தோன்றியது.

"அந்தக் குயிலு எங்க பாக்டரி முத்திரை. நான் மையில அடிச்சதுதான். மூடி நாலு வருஷம் ஆச்சு. திறந்தா கடுதாசி போடறேன்னாங்க. இந்த வருஷம் புதுசா பாக்கெட்டு வருதுன்னா, திறந்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? என்ன மட்டும் கூப்புடாம உட்டுட்டாங்களோன்னு இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "பின்னாடிதான் சின்ன எழுத்துல எழுதியிருக்கும். எங்க செஞ்சது, எங்க கட்டுனதுன்னு."

ராஜாங்கம் தலையை ஆட்டினார். அடுத்த தடவை தேவா வந்தபோது கறாராகச் சொன்னார்.

"பின்பக்கம் பாக்காம நான் ஒரு பாக்கெட்டுகூட எடுக்க மாட்டேன்."

"பத்து கிலோ டீத்தூளுக்கு இவ்ளோ விசாரணையாண்ணே?"

"வாங்குறவன் நான்தானப்பா? எனக்கு பின்பக்கம் வேணும்."

மேரிசெல்வி அப்போது அங்கே இல்லை. டீக்காக இல்லை, அவளுக்காகத்தான் கேட்டார் என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

பதினைந்து நாள் கழித்துப் போட்டோ வந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தை எடுத்திருந்தார்கள். ஆனால் எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி இருந்தன. கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் தட்சணாமூர்த்தியிடம் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி இருந்தது. அவர் இங்கிலீஷ் பேப்பரும் படிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் மேரிசெல்வி நேராக அங்கே வந்தாள். ராஜாங்கம் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார். அவரைச் சட்டை போட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடையில் எப்போதும் பனியனும் தோளில் துண்டும்தான்.

தட்சணாமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"முதல் வரி. 'நீலகிரி மற்றும் தென்னிந்தியாவின் பிற தோட்டங்களின் சி.டி.சி. தேயிலைக் கலவை.' பிளெண்டுன்னு போட்டிருக்கான்."

"சி.டி.சி.யா?" என்றாள் மேரிசெல்வி. "நல்லா பாருங்கய்யா."

"சி.டி.சி.தாம்மா. பளிச்சுன்னு இருக்குது."

"அது என்ன?" என்று கேட்டார் ராஜாங்கம்.

"இலைய பல்லு வச்ச ரோலருக்கு நடுவுல உட்டு நசுக்கி, கிழிச்சு, உருட்டுறது. குருணை குருணையா வரும். எங்க பாக்டரில அந்த மிஷினே கிடையாது. எங்களுது பழைய மொற, ஆர்த்தடாக்ஸ்னு சொல்லுவாங்க. இலைய முறுக்கித்தான் காய வைப்போம். பி.ஓ.பி.ங்கற எழுத்து ரெண்டுத்துக்கும் உண்டு. அதனாலதான் முன்பக்கத்த மட்டும் பாத்தா புரியாது."

தட்சணாமூர்த்தி அடுத்த வரிக்குப் போனார். "டீ போடும் முறை. ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன். பாலும் தண்ணியும் சேத்து கொதிக்க வச்சு, தூளப் போட்டு ரெண்டு நிமிஷம் கொதிக்க உடவும். வடிகட்டி சர்க்கரை சேக்கவும்."

"பாத்தீங்களா? நீட்டு இலைன்னா கொதிக்க வைக்கச் சொல்ல மாட்டாங்க" என்றாள் அவள், ராஜாங்கத்தைப் பார்த்து. "கொதிச்ச தண்ணிய இலை மேல ஊத்தி மூடி வைக்கச் சொல்லுவாங்க. போடற முறைய படிச்சாலே உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லிரலாம். இது பாலு டீக்கு ஆன தூளு. உங்க வெள்ளக்காரங்களுக்கு ஆவாது."

அதுவரை அவள் குரல் தெளிவாக இருந்தது. விலை, எடை, பாக்கெட் கட்டிய மாதம் மார்ச் 2005 என்று எல்லாம் படித்து, தட்சணாமூர்த்தி கடைசி வரிக்கு வந்தார்.

"'பிளெண்டெட் அண்ட் பேக்டு அட் கோயம்புத்தூர்.' கலந்தது, கட்டுனது ரெண்டும் கோயம்புத்தூர்ல."

"தயாரிச்சதுன்னு ஏதாவது இருக்குதா? கோத்தகிரின்னு எங்கயாவது?"

அவர் போட்டோவை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை பொறுமையாகப் பார்த்தார். "இல்லம்மா. கோத்தகிரின்னு ஒரு எழுத்தும் இல்ல. குயில்மலைங்கறது பேரு மட்டுந்தான்."

கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. ராஜாங்கம் அதைச் சிகரெட் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டார். மறுநாள் வேலை முடிந்ததும் இருவரும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவுக்குள் மேரிசெல்வி மட்டும் போனாள். அவர் கதவைக் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

"குயில்மலை பாக்டரில வேல பாத்த மேரிசெல்வி பேசறேங்க. பாக்டரி திறந்துட்டாங்களா?"

அந்தப் பக்கம் ஒரு பெண் யாரையோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். "அம்மா, அந்தப் பேரையும் படத்தையும் மட்டும் எங்க முதலாளி வாங்கியிருக்காரு. பாக்டரிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லைங்க. அது திறக்கல. மிஷினையெல்லாம் போன வருஷமே கழட்டி வித்துட்டாங்கன்னு சொல்றாங்க."

மேரிசெல்வி போனை வைத்தாள். வெளியே வந்து பூத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"கழட்டி வித்துட்டாங்களாம்" என்றாள்.

ராஜாங்கம் ஒரு படி தள்ளி உட்கார்ந்தார். ரோட்டில் உப்பு லாரி ஒன்று போனது. அது போய் மறைந்த பிறகு அவள் பேசினாள்.

"ஒண்ணு தெரியுமா கடைக்காரரே? என்ன மட்டும் உட்டுட்டாங்கன்னு நெனச்சேன். யாரையுமே கூப்புடல."

சொன்ன பிறகுதான் அழுதாள். அது துக்கமா, நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்தார். அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவளே கையை நீட்டி வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, கொடியில் போட்டாள். தம்பி பெண்டாட்டி ஒன்றும் கேட்காமல் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள்.

தேவாவுக்குத்தான் வருத்தம். "அண்ணே, பின்பக்கம் கேட்டு என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே" என்றான். மேரிசெல்வி அவனை உட்காரச் சொன்னாள்.

"அந்தத் தூளு மட்டம்னு நான் சொல்லலப்பா. கலப்பு டீன்னு கலப்பு டீ விலைக்குக் குடு, பாலு டீக்கு யாரு வேணா வாங்குவாங்க. இவருக்கு வேணுங்கறது வேற. ஆர்த்தடாக்ஸ்னு எழுதியிருக்கணும். ஓ.பி.ன்னு தனியா இருக்கணும். நீலகிரின்னு முன்னாடி பெருசா எழுதினா போதாது. பின்னாடி தோட்டத்துப் பேரும், அங்கயே தயாரிச்சு அங்கயே கட்டுனதுன்னும் இருக்கணும். டீ போடற முறையில கொதிக்க வைன்னு இருந்தா கொண்டு வராத."

தேவா ஆல்பத்தின் பின்னட்டையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அடுத்த மாதம் அவன் கொண்டு வந்த போட்டோக்களில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் இருந்தன. மற்றக் கடைக்காரர்களும் இப்போது பின்பக்கம் கேட்கிறார்கள் என்றான். அது நிஜமா, இவளைச் சந்தோஷப்படுத்தச் சொன்னானா தெரியாது. மூன்று பாக்கெட்டில் ஒன்று சரியாக இருந்தது. கால் கிலோ மட்டும் வாங்கினார்கள்.

பாக்கெட்டைப் பிரித்ததும் மேரிசெல்வி ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள். கறுத்து, நீளமாக, முறுக்கிய இலை. நார் இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை ராஜாங்கத்தின் பக்கம் நீட்டினாள். அவர் குனிந்து முகர்ந்தார். அவள் கையில் உப்பு வாசனையும் இருந்தது.

"பாய்லர் தண்ணி வேணாம். பச்சத் தண்ணிய புதுசா கொதிக்க வையுங்க. திரும்பத் திரும்பக் கொதிச்ச தண்ணில டீ செத்துப்போவும்."

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும், ஒரு பீங்கான் கப்பில் ஒரு ஸ்பூன் இலையைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, மேலே சாசரைக் கவிழ்த்தாள்.

"எவ்ளோ நேரம்?"

"நாலு நிமிஷம். தொறந்து பாக்கக் கூடாது, கலக்கவும் கூடாது. அதுக்கு மேல உட்டா கசக்கும்."

ராஜாங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். இருபத்தைந்து வருஷமாக எண்ணிக்கூடப் பார்க்காமல் டீ ஆற்றிய மனிதருக்கு நாலு நிமிஷம் சும்மா இருப்பது பெரிய காரியமாக இருந்தது. வடிகட்டிக் கொடுத்ததை ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"தப்பா நெனச்சுக்காத. வெந்நீர் மாதிரி இருக்குது."

"இன்னொரு வாய் குடிங்க."

குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார். "இப்ப பூ மாதிரி ஏதோ வருது" என்றார் சந்தேகமாக. அவள் சிரித்தாள்.

அந்த வாரம் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தாள். கப்பைக் கையில் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தாள். பிறகு இன்னொரு கப் கேட்டாள். அவள் போன பிறகு ராஜாங்கம் காலிக் கப்பை எடுத்து மேரிசெல்வியிடம் காட்டினார். அதைக் காட்டுவதற்காகவே இவள் வேலை முடிந்து வரும்வரை கழுவாமல் வைத்திருந்தார்.

உப்பளத்து ஆட்களுக்குப் பழைய டஸ்ட் டீதான். அதை மாற்ற மேரிசெல்வி விடவில்லை. "கூடை தூக்குறவங்களுக்கு நாக்குல நிக்கணும், உங்க பூவெல்லாம் வேணாம்" என்றாள். ராஜாங்கம் இப்போது டஸ்ட் டீ என்று கூச்சமில்லாமல் சொன்னார்.

வேலை முடிந்து வரும்போது அவளுக்கு மட்டும் ஒரு கப் இலை டீ போட்டுக் கொடுப்பது அவர் வழக்கமானது. சாசரைக் கவிழ்த்து வைத்த அந்த நாலு நிமிஷமும் இருவரும் பேசினார்கள். அவள் மலையைப் பற்றிச் சொன்னாள். கொழுந்து மூட்டை வரும் மாலை வேளைகளில் பாக்டரி முழுவதும் பச்சை வாசனை அடிக்கும் என்றாள். அவர் மனைவியைப் பற்றிச் சொன்னார். மஞ்சள் காமாலை, எட்டே நாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அதை அவர் யாரிடமும் முழுவதாகச் சொன்னதில்லை. அன்று டீ ஆறு நிமிஷம் ஆகிக் கசந்துவிட்டது. அவள் முகத்தில் எதுவும் காட்டாமல் குடித்து முடித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷ மழை சாதாரண மழை இல்லை. பாத்திகள் ஏரியாகிவிட்டன. கரையில் குவித்திருந்த உப்பை ஓலை போட்டு மூடிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். இனி தை வரைக்கும் வேலை இல்லை. மேரிசெல்வி திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகலாமா என்று யோசிப்பதாகத் தம்பியிடம் சொன்னாள். அது எப்படியோ டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

மழை விட்ட ஒரு காலை நேரம், ராஜாங்கம் குடையோடு அப்பாவு வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பாவுவுக்கு ஆச்சரியம். கடையைப் பூட்டிவிட்டு அவர் எங்கேயும் போய்ப் பார்த்ததில்லை.

"உள்ள வாங்கண்ணே. என்ன விஷயம்?"

உட்கார்ந்தவர் குடையை மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் வேட்டியில் சொட்டியது.

"உங்க அக்காவ கடைக்கு வேலைக்குக் கூப்புடலாம்னு வந்தேன்."

"அதுக்கென்னண்ணே, தாராளமா."

"இல்ல." அவர் தரையைப் பார்த்தார். "வேலைக்குன்னு சொல்லித்தான் கெளம்புனேன். வர்ற வழியில யோசிச்சேன். அப்படிச் சொன்னா பொய்யி ஆயிடும். எனக்குக் கட்டிக் குடுப்பியாப்பா? நான் இந்து, நீங்க வேதக்காரங்க. அதெல்லாம் தெரியும். அவங்க சர்ச்சுக்குப் போவட்டும், நான் தடுக்க மாட்டேன். கேட்டதுல தப்பு இருந்தா இப்பவே எழுந்து போயிடறேன்."

அப்பாவு உள்ளே திரும்பிப் பார்த்தான். மேரிசெல்வி அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா?"

"அவர மொதல்ல அந்தக் குடைய கீழ வைக்கச் சொல்லு" என்றாள். "வேட்டியெல்லாம் நனையுது."

ராஜாங்கம் குடையைக் கீழே வைத்தார். அப்பாவுவின் பெண்டாட்டிதான் முதலில் சிரித்தாள்.

எல்லாம் அவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை. சர்ச்சில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ராஜாங்கத்தின் பங்காளி ஒருவர் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ரேணுகா மட்டும்தான் அவருக்கு முக்கியம். பிரம்மதேசத்துக்குப் போய் மகளிடம் நேரில் சொன்னார். அவள் அழுதாள். "அம்மா போட்டோவ எடுத்துருவியாப்பா?" என்று கேட்டாள். "எதுக்கும்மா எடுக்கணும்? அது இருக்கற இடத்துல இருக்கும்" என்றார். அதற்கு மேல் அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

2006 தை மாதத்தில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டார்கள். மேரிசெல்வி தமிழில் தன் பெயரை நிதானமாக எழுதினாள். சாட்சிக்கு அப்பாவுவும் தட்சணாமூர்த்தியும் வந்தார்கள். மூன்றாவது சாட்சியாகத் தேவா ஒரு பெரிய பிஸ்கட் டின்னோடு வந்து நின்றான். ரேணுகா வரவில்லை. ராஜாங்கம் அன்று முழுவதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேரிசெல்வி அதைப் பார்த்தாள். "வருவா, நேரம் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மாசி கடைசியில் ஒருநாள் பகலில், பஸ்ஸிலிருந்து ரேணுகா இறங்கி வந்தாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். ராஜாங்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்ததால் முதலில் கவனிக்கவில்லை. மேரிசெல்விதான் பார்த்தாள். பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள். ரேணுகா உட்கார்ந்து, சுவரில் அம்மாவின் போட்டோவைப் பார்த்தாள். அன்றைக்குப் போட்ட கதம்பம் அதில் இருந்தது.

"யாரு பூ வச்சது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. வெள்ளிக்கிழமைங்கறதால வாங்கினேன்" என்றாள் மேரிசெல்வி.

ரேணுகா சாப்பிட்டாள். அப்பாவிடம் புருஷனின் நெல் அறுப்பைப் பற்றிச் சொன்னாள். கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டு, கதவருகில் தயங்கி நின்றாள்.

"கடையில எங்க மாமியார் வாங்குற டீத்தூளு சாயமே எறங்க மாட்டேங்குது. எதப் பாத்து வாங்கணும்?" என்று கேட்டாள். பிறகு, யாரைக் கேட்கிறாள் என்று தெரியட்டும் என்பது போல, மெல்லச் சொன்னாள். "சொல்லு சித்தி."

மேரிசெல்வி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.